இரண்டை ஆயிரம் முறை பெருக்கினால்

பிளஸ் ஒன் மாணவர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த நாட்களில், ஒரு மாணவி லாக் புக்கை விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "சார், 2-க்கு நேரா 0.3010-னு போட்டிருக்கே, இதை முதல்ல போட்டவருக்கு யார் லாக் புக் கொடுத்தாங்க?"

எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்திருந்தது. மடக்கை என்றாலே அச்சடித்த அட்டவணை என்று நமக்குப் பழகிப்போய்விட்டது. வரிசையில் தேடு, பத்தியில் தேடு, எடுத்து எழுது, கூட்டு, எதிர்மடக்கை பார், முடிந்தது. அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்க நேரம் இருப்பதில்லை. அன்று பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, 0.3010 என்ற எண்ணைக் கரும்பலகையிலேயே செய்து பார்த்தோம். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பெருக்கத் தெரிந்தால் போதும். இலக்கங்களை எண்ணத் தெரிந்தால் போதும்.

மடக்கை என்பது ஒரு கேள்விக்கான விடை. "எத்தனை முறை பெருக்கினால் இந்த எண் வரும்?" என்பதே அந்தக் கேள்வி. எதைப் பெருக்குகிறோமோ அது அடிமானம். 2-ஐ ஐந்து முறை எழுதிப் பெருக்கினால் 32 வரும். ஆகவே 2-ஐ அடிமானமாகக் கொண்டால் 32-இன் மடக்கை 5. மூன்றை நான்கு முறை பெருக்கினால் 81. அடிமானம் 3 என்றால் 81-இன் மடக்கை 4. குறியீட்டில் எழுதினால் log₂ 32 = 5, log₃ 81 = 4. கணக்கு கேட்பது அடுக்கைத்தான், வேறெதையும் அல்ல.

இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டால் சற்றுச் சிக்கலானவையும் கைக்கு வந்துவிடும். அடிமானம் 4, எண் 8 என்று கொடுத்தால் பலர் 2 என்று எழுதிவிடுகிறார்கள். எட்டை நான்கால் வகுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். நான்கு என்பது இரண்டு இரண்டுகளின் பெருக்கல், எட்டு என்பது மூன்று இரண்டுகளின் பெருக்கல் என்று உடைத்துப் பார்த்தால், ஒரு முழு நான்கும் இன்னொரு நான்கில் பாதியும், அதாவது அதன் வர்க்கமூலமும் தேவை என்பது தெரியும். விடை ஒன்றரை. எட்டில் ஒரு பங்கு என்றால் இரண்டால் மூன்று முறை வகுக்க வேண்டும்; அதனால் log₂ (1/8) = −3. எதையுமே பெருக்காமல் நின்றால் கையில் இருப்பது 1. ஆகவே எந்த அடிமானமாக இருந்தாலும் 1-இன் மடக்கை 0. இதை 1 என்று எழுதுவதுதான் வகுப்பில் நான் அதிகம் பார்த்த பிழை.

இப்போது இரண்டு வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொள்ளுங்கள். மேலே 1, 2, 3, 4 என்று எண்ணிக்கை. கீழே 2, 4, 8, 16 என்று இரட்டிப்பு. கீழ்வரிசையில் 64-க்கு மேலே 6 இருக்கும், 128-க்கு மேலே 7 இருக்கும். 64-ஐயும் 128-ஐயும் பெருக்க வேண்டுமா? மேலே இருக்கும் 6-ஐயும் 7-ஐயும் கூட்டுங்கள், 13. பதின்மூன்றாம் இடத்துக்குக் கீழே 8192 இருக்கிறது. அதுதான் பெருக்கல்பலன். காரணம் எளிது. 64-க்குள் ஆறு இரண்டுகள் இருக்கின்றன, 128-க்குள் ஏழு இரண்டுகள் இருக்கின்றன. இரண்டையும் பெருக்கினால் மொத்தம் பதின்மூன்று இரண்டுகள் வரிசையாக நிற்கின்றன. பெருக்கல் விதி என்று பாடநூல் சொல்வது இவ்வளவுதான்:

log (a × b) = log a + log b

ஜெர்மனியில் மைக்கேல் ஸ்டீஃபெல் 1544-இல் வெளியிட்ட நூலில் இந்த இரு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே கூட்டினால் கீழே பெருக்கல் நடக்கிறது என்று காட்டினார். ஆனால் இதை வைத்துக்கொண்டு யாரும் சந்தைக்குப் போகவும் முடியாது, வானத்தை அளக்கவும் முடியாது. கீழ்வரிசையில் 3 இல்லை, 5 இல்லை, 7 இல்லை. இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் ஒரு பள்ளம். பதினாறுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவில் அதைவிடப் பெரிய பள்ளம். மடக்கையின் கதை முழுவதும் இந்தப் பள்ளங்களை நிரப்பிய கதைதான்.

நிரப்பியவர் ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர். அவருடைய அட்டவணை 1614-இல் வெளிவந்தது. அன்றைய வானியலாளர்கள் ஏழு இலக்க எண்களை ஏழு இலக்க எண்களால் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். அதைத் தாளில் போட்டுப் பாருங்கள்: நாற்பத்தொன்பது தனிப் பெருக்கல்கள், பிறகு ஏழு வரிகளைச் சரியாகத் தள்ளித் தள்ளி எழுதிக் கூட்டல். எங்கோ ஒரு இடத்தில் தவறினால் முழுவதும் போச்சு. நேப்பியரின் முதல் அட்டவணையில் 1-இன் மடக்கை 0 ஆக இல்லை. அதனால் கூட்டலோடு ஒரு திருத்தமும் சேர்க்க வேண்டியிருந்தது. லண்டனில் வடிவியல் பேராசிரியராக இருந்த ஹென்றி பிரிக்ஸ் அந்த நூலைப் படித்துவிட்டு, 1615-இல் எடின்பரோவுக்கே பயணம் செய்து நேப்பியரைச் சந்தித்தார். 1-இன் மடக்கையை 0 என்றும் 10-இன் மடக்கையை 1 என்றும் கொள்வது வசதி என்று அந்தப் பேச்சிலிருந்து முடிவாயிற்று. நேப்பியர் 1617-இல் இறந்துவிட, பத்தை அடிமானமாகக் கொண்ட பெரிய அட்டவணையை 1624-இல் பிரிக்ஸ் வெளியிட்டார். நம் லாக் புக் அந்த அட்டவணையின் வழிவந்தது.

பத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது இலக்கங்களை எண்ணினால் புரியும். 100-இன் மடக்கை 2, 1000-இன் மடக்கை 3. நூறுக்கும் ஆயிரத்துக்கும் இடையில் உள்ள எல்லா மூன்று இலக்க எண்களின் மடக்கையும் இரண்டு புள்ளி ஏதோ ஒன்று. அதாவது மடக்கையின் முழு எண் பகுதி என்பது இலக்கங்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு. அதைக் கண்ணாலேயே சொல்லிவிடலாம், அட்டவணை வேண்டியதில்லை. பாடநூலில் நேர்க்கூறு என்று படித்தது இதைத்தான்.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். 10-ஐ எத்தனை முறை பெருக்கினால் 2 வரும்? ஒரு முறைகூட வேண்டாம், ஒரு முறைக்கும் குறைவு. எவ்வளவு குறைவு என்பதுதான் கேள்வி. நேரடியாகக் கண்டுபிடிக்க முடியாது; சுற்றிப்போகலாம். இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1024. நான்கு இலக்கம், ஆகவே அதன் மடக்கை 3-க்கும் 4-க்கும் நடுவில். ஆனால் பெருக்கல் விதிப்படி 1024-இன் மடக்கை என்பது 2-இன் மடக்கையைப் பத்து முறை கூட்டியது. அப்படியானால் 2-இன் மடக்கை 0.3-க்கும் 0.4-க்கும் நடுவில் இருந்தாக வேண்டும். முதல் இலக்கம் கிடைத்துவிட்டது.

இரண்டை நூறு முறை பெருக்கினால்? அது 1024-ஐப் பத்து முறை பெருக்குவது. ஆயிரங்களை வெளியே எடுத்துவிட்டால் மிச்சம் 1.024-ஐப் பத்து முறை பெருக்குவது. வர்க்கம் 1.0486. அதன் வர்க்கம் 1.0995. இன்னொரு 1.024-ஆல் பெருக்கினால் 1.1259, இது ஐந்தாவது அடுக்கு. அதை வர்க்கப்படுத்தினால் பத்தாவது அடுக்கு, 1.2677. வெளியே எடுத்த பத்து ஆயிரங்கள் முப்பது சுழியங்கள். ஆக 2¹⁰⁰ என்பது 1.2677 × 10³⁰, 31 இலக்கம். அதன் மடக்கை 30-க்கும் 31-க்கும் நடுவில், ஆகவே 2-இன் மடக்கை 0.30-க்கும் 0.31-க்கும் நடுவில்.

ஆயிரம் முறை பெருக்க வேண்டுமா? இதே நான்கு பெருக்கல்களை 1.2677-க்குச் செய்யுங்கள். 1.6071, 2.5827, 3.2741, கடைசியாக 10.72. வெளியே 300 சுழியங்கள், உள்ளே பத்தைத் தாண்டிவிட்டதால் இன்னொன்று. 2¹⁰⁰⁰ என்பது 1.072 × 10³⁰¹, 302 இலக்கம். 2-இன் மடக்கை 0.301-க்கும் 0.302-க்கும் நடுவில். அதிலும் 1.072 என்பது ஒன்றை ஒட்டியே இருப்பதால், 0.301-ஐச் சற்றே தாண்டியிருக்கிறது என்பதும் தெரிகிறது.

கரும்பலகையில் இந்த இடத்துக்கு வந்தபோது, "இன்னொரு தடவை போடலாம் சார்" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. போட்டோம். 1.072-இன் பத்தாவது அடுக்கு ஏறக்குறைய 2 வந்தது! இரண்டைப் பத்தாயிரம் முறை பெருக்கினால், இரண்டுக்குப் பக்கத்தில் 3010 சுழியங்கள் போட்ட மாதிரி ஒரு எண். தேடிய எண்ணே திரும்பவும் கையில் வந்து நிற்கிறது. அதன் மடக்கை 3010-உம், அதோடு 2-இன் மடக்கையான சுமார் 0.3-உம் சேர்ந்தது: 3010.3. பத்தாயிரத்தால் வகுத்தால் 0.30103. லாக் புக் தரும் நான்கு இலக்கங்களும் வந்துவிட்டன. அதற்கு மேல் ஓரிலக்கம் கூடுதலாகவும் கிடைத்தது.

இதே வழியில் மூன்றைப் பெருக்கிக்கொண்டே போனால் 0.4771 கிடைக்கும். ஏழுக்கு அவ்வளவு பாடுபட வேண்டியதில்லை, ஏனென்றால் ஏழுக்கு ஒரு நல்ல அண்டைவீட்டான் இருக்கிறான். ஏழை நான்கு முறை பெருக்கினால் 2401. பக்கத்தில் 2400. அது 3 × 8 × 100. மூன்றின் மடக்கை 0.4771, எட்டின் மடக்கை 2-இன் மடக்கையைப் போல் மூன்று மடங்கு, 0.9031, நூறின் மடக்கை 2. கூட்டினால் 3.3802. நான்கால் வகுத்தால் 0.8450 அல்லது 0.8451. லாக் புக்கில் இருப்பது 0.8451. கடைசி இலக்கம் இப்படி ஊசலாடுவதற்குக் காரணம், 2401-இல் விட்டுவிட்ட அந்த ஒன்று. இரண்டாயிரத்து நானூறில் ஒன்று என்பது மடக்கையில் எவ்வளவு சின்னதாகிப்போகிறது பாருங்கள். இந்த மாதிரி அண்டை எண்களைத் தேடுவது எனக்கு இன்றைக்கும் பிடித்த வேலை.

ஐந்துக்குப் பெருக்கவே வேண்டாம். இரண்டும் ஐந்தும் பெருக்கினால் பத்து; ஆகவே இரண்டு மடக்கைகளையும் கூட்டினால் 1 வர வேண்டும். 1-லிருந்து 0.3010 போனால் 0.6990. ஆறு என்பது இரண்டும் மூன்றும், 0.7781. ஒன்பது என்பது மூன்றும் மூன்றும், 0.9542. பத்து வரைக்குமான அட்டவணைக்கு 2, 3, 7 என்ற மூன்று எண்களைத்தான் உழைத்துச் சம்பாதிக்க வேண்டியிருந்தது. மற்றதெல்லாம் கூட்டல்.

சம்பாதித்ததைச் செலவழித்துப் பார்ப்போம். 42-ஐ 36-ஆல் பெருக்க வேண்டும். 42 என்பது 2, 3, 7 மூன்றின் பெருக்கல்; மடக்கைகளைக் கூட்டினால் 1.6232. 36 என்பது 4-உம் 9-உம், 0.6020-ஐயும் 0.9542-ஐயும் கூட்டினால் 1.5562. இரண்டையும் கூட்டினால் 3.1794. முன்னால் இருக்கும் 3, விடைக்கு நான்கு இலக்கம் என்று சொல்லிவிட்டது. இனி 0.1794 எந்த எண்ணின் மடக்கை என்று பார்க்க வேண்டும். 1.5-இன் மடக்கை, மூன்றிலிருந்து இரண்டைக் கழித்தது, அதாவது 0.1761. 1.6-இன் மடக்கை, 16-இன் மடக்கையில் ஒன்று குறைத்தது, 0.2040. இந்த இரண்டுக்கும் இடைவெளி 0.0279. நம் எண் 1.5-ஐத் தாண்டி 0.0033 வந்திருக்கிறது. இடைவெளியில் சுமார் 0.118 பங்கு. ஆகவே எண் 1.5118. நான்கு இலக்கமாக்கினால் 1511.8. சரியான விடை 1512.

கடையில் பில் போடும்போது இந்த விடையை யாரும் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது. நாலு இலக்க மடக்கை, விடையின் முதல் நாலு இலக்கத்துக்குத்தான் ஏறக்குறையப் பொறுப்பேற்கும். கடைசி இலக்கத்தில் ஒன்றிரண்டு முன்பின் இருக்கலாம். கூட்டும் மடக்கைகள் கூடக்கூட ஒவ்வொன்றிலும் வெட்டிவிட்ட துணுக்குகளும் சேர்ந்துகொள்ளும். காசுக் கணக்குக்கு இது ஒத்துவராது. ஆய்வகத்தில் ஊசலின் நீளத்தை அளவுகோலால் அளந்து, நேரத்தை நிறுத்துக்கடிகாரத்தால் அளந்து, அவற்றைப் பெருக்கி வகுக்கும் இடத்தில் முழுக்க ஒத்துவரும். அளவுகோலே நாலாவது இலக்கத்தைச் சொல்வதில்லை.

எங்கே சறுக்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றுக்குக் குறைவான எண்களில்தான் விடைத்தாள்கள் சிவக்கும். 0.0364-ஐ 42.5-ஆல் பெருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 3.64-இன் மடக்கை 0.5611. 0.0364 என்பது அதை நூறால் வகுத்தது, ஆகவே இரண்டு கழிய வேண்டும். இதைத்தான் 2-இன் தலையில் ஒரு கோடு போட்டு 'பார் டூ பாயிண்ட் ஐந்து ஆறு ஒன்று ஒன்று' என்று வாசிக்கிறோம். கோடு 2-க்கு மட்டும்தான். புள்ளிக்குப் பின்னால் இருப்பது கூட்டல் எண்ணாகவே இருக்கிறது. இதை −2.5611 என்று எழுதிவிடுகிறவர்கள் தசமப் பகுதியையும் சேர்த்துக் கழித்துவிடுகிறார்கள். அவர்களுக்கு 42.5-இன் மடக்கையான 1.6284-ஐக் கூட்டியபின் −0.9327 வரும், விடை 0.1168 என்று முடியும்.

சரியாகச் செய்தால், தசமப் பகுதிகள் தனியாக: 0.5611-உம் 0.6284-உம் சேர்ந்து 1.1895. முழு எண்கள் தனியாக: பார் 2, கூட்டல் 1, மேலே இருந்து வந்த 1. மொத்தம் 0. ஆக 0.1895, எதிர்மடக்கை 1.547. எது சரி என்று அறிய லாக் புக்கைத் திரும்பத் திறக்க வேண்டாம். 0.0364 என்பது சுமார் 0.04, 42.5 என்பது சுமார் 40, பெருக்கினால் 1.6. 1.547 பக்கத்தில் இருக்கிறது, 0.1168 ஒரு சுழியம் தள்ளி நிற்கிறது. மடக்கையில் செய்யும் பெரிய பிழைகள் பெரும்பாலும் இப்படி முழு எண் பகுதியில் நடப்பவை. அதனால் விடை கொஞ்சமாகத் தவறாது. பத்து மடங்கோ நூறு மடங்கோ தவறும், மனக்கணக்கிலேயே பிடிபட்டுவிடும்.

இன்னொரு பிழை இதைவிட ஆழமானது. log (a + b) என்று பார்த்ததும் log a + log b என்று எழுதிவிடுவது. 2-உம் 3-உம் கூட்டினால் 5. 5-இன் மடக்கை 0.6990. 2, 3 மடக்கைகளின் கூட்டல் 0.7781, அது 6-இன் மடக்கை. பெருக்கலைக் கூட்டலாக்கியாகிவிட்டது, கூட்டலை இன்னும் எளிதாக்க மடக்கையிடம் வழியில்லை. கணக்கில் நடுவே ஒரு கூட்டல் வந்தால் எதிர்மடக்கை எடுத்து, சாதாரண எண்ணாக்கி, கூட்டிவிட்டுத்தான் மறுபடி மடக்கைக்குள் போக வேண்டும்.

கூட்டல் என்றால் எண்களைத்தான் கூட்ட வேண்டும் என்பதில்லை, நீளங்களையும் கூட்டலாம். சறுக்கு அளவுகோல் பிறந்தது அப்படித்தான். தடித்த காகிதத்தில் இருபது சென்டிமீட்டருக்குச் சற்று நீளமாக இரண்டு பட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டிலும் இடது ஓரத்தில் 1 என்று குறியுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் மடக்கையை இருபதால் பெருக்கி, அத்தனை சென்டிமீட்டர் தள்ளிக் கோடு போடுங்கள். 2-க்கு 6.0, 3-க்கு 9.5, 4-க்கு 12.0, 5-க்கு 14.0, 6-க்கு 15.6, 7-க்கு 16.9, 8-க்கு 18.1, 9-க்கு 19.1, 10-க்கு 20. கோடுகள் வலப்பக்கம் போகப்போக நெருங்கி வருவது கண்ணுக்கே தெரியும்.

கீழ்ப் பட்டையின் 2 மேல் மேல்பட்டையின் 1-ஐ வையுங்கள். மேலே 3-க்கு நேராகக் கீழே 6 இருக்கும், 4-க்கு நேராக 8 இருக்கும். நான்கை ஏழால் பெருக்கப் பார்த்தால் பட்டையின் ஓரத்தைத் தாண்டிப் போய்விடும். அப்போது மேல்பட்டையின் 1-க்குப் பதிலாக அதன் 10-ஐக் கொண்டுவந்து கீழ்ப் பட்டையின் 4 மேல் வையுங்கள். மேலே 7-க்கு நேராகக் கீழே பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, இடது ஓரத்திலிருந்து அளந்து பாருங்கள். சுமார் 8.94 சென்டிமீட்டர் வரும், 3-க்கான கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால். இருபதால் வகுத்தால் 0.447 சொச்சம். லாக் புக்கில் தேடினால் அது 2.8-இன் மடக்கை. பத்தால் தள்ளி வைத்ததை நாம் அறிவோம், ஆகவே விடை 28.